அண்ணையின் மெயிலில் இருந்து மூன்று வரி

பிள்ளைகளே, நான் அனுப்பும் எஸ்.எம்.எஸ். எல்லாம் கட்டளை மாதிரி இருக்கிறது என்று நீங்கள் இரண்டு பேரும் சேர்ந்து சிரிப்பீர்கள். "பப்பா, ஒரு ஹாய் கூடப் போடத் தெரியாதோ?" என்று மூத்தவள் ஒருமுறை கேட்டாள். "பப்பாவின்ர மெசேஜ் போலீஸ் அனுப்பின மாதிரி" என்றான் சின்னவன். நானும் சேர்ந்து சிரித்தேன். நான் அப்படி எழுதுவதற்குக் காரணம் ஒன்று இருக்கிறது. வாயால் சொன்னால் அரைவாசியில் நீங்கள் எழும்பிப் போய்விடுவீர்கள் என்பதால் எழுதி வைக்கிறேன். நான் பத்தாம் வகுப்போடு படிப்பை விட்டவன். பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

நான் பின்னேரங்களில் வேலை செய்த கடை உங்களுக்கு நினைவிருக்கும். ஒஸ்லோவின் கிழக்குப் பக்கம், ரீ-பான் என்ற நிலக்கீழ் ரயிலில் இருந்து இறங்கி ஒரு சந்து தாண்டினால் வரும். முன்பக்கம் அரிசி மூட்டையும் மரக்கறியும் கருவாடும். உள்ளே இடது கைப்பக்கம் சேலை, வேட்டி, ஒரு கண்ணாடிப் பெட்டியில் கவரிங் நகை. சேலைக்குக் கருவாட்டு மணம் பிடித்துவிடும் என்று உங்கள் அம்மா ஒவ்வொரு முறையும் சேலையை முகர்ந்து பார்த்துத்தான் வாங்குவா. காலையில் அலுவலகங்களைத் துப்புரவு செய்துவிட்டு, பின்னேரம் நான் அங்கே போய் மூட்டை இறக்குவேன், தட்டுகளில் சாமான் அடுக்குவேன். வேலை தேடிய காலத்தில் என்னை ஒரு கணினி வகுப்புக்கு அனுப்பியிருந்தார்கள். அதனால் கடைக் கணினிக்கும் நான்தான் வைத்தியர்.

கடைக்காரரை எல்லோரும் அண்ணை என்றுதான் கூப்பிடுவார்கள். அவரைவிட மூத்தவர்களும் அப்படித்தான். அவர் ஒவ்வொரு தீபாவளிக்கும் வாடிக்கையாளர்களுக்கு ஒரு மெயில் அனுப்புவார். மெயில் என்று சொன்னால் நீங்கள் நாலு வரியை நினைப்பீர்கள். அது அப்படியல்ல. முதலில் சுகம் விசாரிப்பார். பிறகு பனியைத் திட்டுவார். அம்மருட்டில் இருக்கிற மாமிக்கு முழங்கால் நோ குறைந்ததா என்று ஊர் முழுக்கப் போகிற மெயிலில் கேட்பார். பியோர்ண்டாலில் யாருடைய மகளோ பல்கலைக்கழகம் போனதை வாழ்த்துவார். தான் சின்ன வயதில் வெடி கொளுத்திக் கை சுட்ட கதை வரும். எத்தனையோ பந்தி கழித்து, சேலைக்கு இருபது வீதம் விலைக்கழிவு என்று ஒரு வரி இருக்கும். பிறகு வேறு கதை. கடைசிப் பந்திக்கு முந்திய பந்தியில் எந்தத் திகதி வரைக்கும் என்று எழுதியிருப்பார். அதற்குப் பக்கத்திலேயே, ஒவ்வொரு வருடமும் மாறாமல், ஒரு வசனம்: "திகதி பிந்தினாலும் யோசிக்காதேங்கோ, நான் இருக்கிறன்."

"அந்த மெயிலை வாசிக்கத் தொடங்கிச் சோறை அடுப்பில வைச்சா, சோறு வெந்திடும், மெயில் முடியாது" என்று அம்மா பகிடி விடுவா.

ஆட்கள் அதை வாசித்தார்களோ இல்லையோ, அந்தக் கடைசி வசனம் எல்லோருக்கும் தெரியும். தீபாவளி முடிந்து ஒரு கிழமை, இரண்டு கிழமை கழித்து வந்து நிற்பார்கள். அண்ணை அதே விலைக்குக் கொடுப்பார். வராதவர்களுக்காகவும் மேசைக்குக் கீழே சேலைகளை எடுத்து வைத்திருப்பார். அந்தக் கடையில் கடைசித் திகதி என்பது ஒரு சம்பிரதாயம் மாதிரி. யாரும் அதை நம்பியதில்லை.

அவர் இரண்டாயிரத்து எட்டாம் ஆண்டு வசந்தத்தில் இறந்தார். பனி உருகி, குளிர்காலம் முழுக்கத் தெருவில் கொட்டிய சரளைக்கல் காலில் கடிக்கிற நாட்கள். நெஞ்சு நோ என்று ஆஸ்பத்திரிக்குப் போனவர் திரும்பி வரவில்லை. அவருடைய மனைவியை நான் அக்கா என்பேன். அவ அதுவரை முதியோர் இல்லத்தில் வேலை செய்தவ. அந்த வேலையை விட்டுவிட்டுக் கடைக்கு வந்து நின்றா. அண்ணை இருந்த வரைக்கும் கடையில் யாரோடும் அதிகம் கதைத்தவ அல்ல. கதைக்கிற பங்கையும் அவரே கதைத்துவிடுவார்.

செப்டம்பரில் சேலை கொடுக்கிற மொத்த வியாபாரி வந்தார். அவரும் எங்கள் ஆள்தான், ஒஸ்லோவிலேயே களஞ்சியம் வைத்திருந்தார். விற்றதற்கு மட்டும் காசு வாங்கிக்கொண்டு, விற்காததைத் திருப்பி ஏற்றிக்கொண்டு போவது அவருக்கும் அண்ணைக்கும் இருந்த ஒழுங்கு. அந்த ஒழுங்கு இருந்ததால்தான் அந்தச் சின்னக் கடை இவ்வளவு சேலை தொங்கவிட முடிந்தது.

தேத்தண்ணி குடித்து முடித்துவிட்டு அவர் சொன்னார்: "தங்கச்சி, கோவிக்கக் கூடாது. அவர் ஒவ்வொரு வருசமும் சேலையைப் பிடிச்சு வைச்சிருந்து பிந்தித் தாறவர். எனக்கு மற்றக் கடையளுக்கு அனுப்ப வழியில்லாமப் போகும். அவற்ற முகத்துக்காகப் பேசாம இருந்தன். இந்த முறை சனிக்கிழமை, ஒக்டோபர் இருபத்தைஞ்சாம் திகதி, கடை பூட்டின கையோட வான் கொண்டு வருவன். மிச்சம் எல்லாம் ஏற வேணும். ஒண்டு பிந்தினாலும் இனிமேல் முதலிலேயே காசைக் கட்டித்தான் எடுக்க வேணும்."

அக்கா தலையை மட்டும் ஆட்டினா. அவர் போன பிறகு என்னைப் பார்த்து, "காசைக் கட்டி எடுக்கிறதெண்டா தம்பி, நான் திரும்பவும் முதியோர் இல்லத்துக்குத்தான். கடையைப் பூட்ட வேண்டியதுதான்" என்றா. அழவில்லை. கோப்பைகளைக் கழுவப் போய்விட்டா.

இரண்டு நாள் கழித்து, வீட்டில், சின்னவன் கணினியில் விளையாடிக்கொண்டிருந்தான். நான் அவனை எழுப்பிவிட்டு மெயில் பார்க்க உட்கார்ந்தேன். பெட்டியில் மேலே ஒரு புதிய மெயில். தடித்த எழுத்தில் அண்ணையின் முழுப்பெயர். அதற்குப் பக்கத்தில்: "தீபாவளி நல்வாழ்த்தும் நற்செய்தியும்."

பிள்ளைகளே, எனக்குப் பேய் பிசாசில் நம்பிக்கை இல்லை. ஆனால் என் கை சுட்டியில் இருந்து தானாக விலகியது. நான் அம்மாவைக் கூப்பிட்டேன். அம்மா வந்து திரையைப் பார்த்தா. நெற்றியில் சிலுவை போட்டா.

"சேசுவே! செத்த மனிசனிட்ட இருந்து எப்பிடியப்பா மெயில் வரும்?"

"அக்கா அனுப்பியிருப்பா. கடை மெயில் அவற்ற பேரிலதானே கிடக்கு."

"உதைத் திறக்காதேங்கோ."

"திறக்காம எப்பிடி?"

"ஆத்துமாவை இளைப்பாற விடுங்கோ" என்று சொல்லிவிட்டுப் போகாமல் என் கதிரைக்குப் பின்னால் நின்றா. நான் திறந்தேன்.

அக்கா மேலே ஒரு வரி எழுதியிருந்தா: "தம்பி, இதை இவர் எழுதி வைச்சிருக்கிறார். பாருங்கோ." அண்ணைக்கு ஒரு பழக்கம் இருந்தது. ஒரு தீபாவளி முடிந்ததும் அந்த மெயிலைப் பிரதி எடுத்து, அடுத்த வருடத்துக்கென்று அனுப்பாத மெயில்களுக்குள் போட்டு வைப்பார். மனதில் ஏதாவது வரும்போது திறந்து ஒரு வரி சேர்ப்பார். அப்படி அந்தக் குளிர்காலம் முழுக்கச் சேர்த்தது அது.

நான் வாசித்தேன். அம்மாவும் வாசித்தா. அவருடைய குரல் அப்படியே காதில் விழுந்தது. மூச்சு விடாமல் ஒரு வசனத்தை இழுத்துக்கொண்டு போய், நடுவில் சிரித்து, பிறகு தொடருகிற அதே மாதிரி. ஊரில் மறுபடி சண்டை நடக்கும்போது இங்கே எதற்குப் பண்டிகை என்று கேட்பவர்களுக்காக ஒரு பந்தி எழுதியிருந்தார்: "விளக்கையாவது கொளுத்துங்கோ, இருட்டுக்குள்ள இருந்து ஆருக்கு என்ன லாபம்." எங்கள் வீட்டைப் பற்றியும் ஒரு வரி இருந்தது. எங்கள் கடைத்தம்பி வேதக்காரன், என்றாலும் யேசு பிறந்த நத்தாருக்குச் சேலை வாங்கத் தீபாவளிக் கழிவுக்குத்தான் காத்திருக்கிறவன் என்று. அம்மா சிரித்தா. சிரித்துக்கொண்டே கண்ணைத் துடைத்தா.

கடைசிக்கு முந்திய பந்திக்கு வந்தேன். "இந்த விலைக்கழிவு ஒக்டோபர்..." என்று எழுதி, புள்ளி புள்ளியாக விட்டிருந்தார். அந்த வருடம் தீபாவளி எந்த நாளில் வருகிறது என்று பிறகு பார்த்து நிரப்ப நினைத்திருப்பார். அதற்குப் பக்கத்தில் வழமையான வசனம். "திகதி பிந்தினாலும் யோசிக்காதேங்கோ, நான் இருக்கிறன்."

திகதி அவருக்குத் தெரியவில்லை. தான் இருப்பார் என்பது மட்டும் நிச்சயமாகத் தெரிந்திருந்தது.

அடுத்த நாள் கடையில் நான் அக்காவிடம் சொன்னேன், "அக்கா, இதை இப்பிடியே அனுப்பினா ஒருத்தரும் இருபத்தைஞ்சாம் திகதியை நம்பாயினம்."

"தெரியும் தம்பி. அதுக்குத்தான் உங்களிட்ட அனுப்பினனான். சுருக்கித் தாங்கோ."

"எவ்வளவுக்கு?"

அக்கா மூன்று விரலைக் காட்டினா. "முதியோர் இல்லத்தில ஒரு ஷிப்ட் முடிஞ்சு போகேக்க அடுத்த ஆளுக்கு எழுதி வைப்பம். என்ன மருந்து, எத்தினை மணிக்கு, எதைக் குடுக்கக் கூடாது. மூண்டு வரி. அதுக்கு மேல எழுதினா இரவு வாறவள் வாசிக்க மாட்டாள். நிபந்தனை ஒண்டும் விடுபடக் கூடாது, திகதி நிக்க வேணும். அப்பிடிச் செய்யுங்கோ."

சொல்லுவது லேசு. அந்தக் கிழமை நான் வீட்டில் இருந்து வெட்டினேன். சுகம் விசாரிப்பை வெட்டினேன். பனியை வெட்டினேன். வெடி சுட்ட கதையை வெட்டினேன். முழங்கால் மாமியை வெட்டும்போது அவ எங்களுக்கு இரண்டு மாடி கீழே இருக்கிறா என்பது நினைவுக்கு வந்து, ஏதோ அவவுக்குச் சொல்லாமல் செய்கிற மாதிரி இருந்தது. ஒவ்வொரு பந்தியையும் சுட்டியால் இழுத்து நிறம் தீட்டி அழிக்கும்போது கீழே இருப்பது மேலே ஏறி வரும். அவர் அடுத்ததைச் சொல்லக் கிட்ட வருகிறார் என்று தோன்றும். மூத்தவள் என் தோளுக்கு மேலால் எட்டிப் பார்த்து, "பப்பா, ரில்பூட் எண்டா ஒரு பார்வையில தெரிய வேணும். என்ன மலிவு, எப்ப முடியுது, அவ்வளவுதான்" என்றாள். கடையில் தொங்குகிற விலைக்கழிவு அறிவித்தலுக்கு இங்கே பெயர் ரில்பூட் என்பது உங்களுக்குத் தெரியும். அவள் சொன்னது சரி. ஆனால் அவளுக்கு அந்த மனிதரின் குரல் கேட்கவில்லை.

நான் எழுதி முடித்து அக்காவிடம் காட்டிய மூன்று வரி இது:

"தீபாவளியை முன்னிட்டு எங்கள் கடையில் சேலை, வேட்டி வகைகளுக்கு 20% விலைக்கழிவு.
வாங்கியதைத் திருப்பி எடுக்கமாட்டோம்.
இருபத்தைந்தாம் திகதி சனிக்கிழமை வரை. அனைவரும் வருக."

அக்கா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு இரண்டு தரம் வாசித்தா.

"நகைக்கு இல்லையெண்டது எங்கை?"

நான் விட்டுவிட்டேன். அண்ணையின் மெயிலில் அது பியோர்ண்டால் பிள்ளையை வாழ்த்துகிற பந்திக்குள் அடைப்புக்குறிக்குள் இருந்தது. பிள்ளையை வெட்டும்போது நகையும் போய்விட்டது.

"திருப்பி எடுக்கமாட்டோம் எண்டு மொட்டையாப் போடேலாது தம்பி. கிழிஞ்சு கிடந்தா எடுக்கத்தான் வேணும், இஞ்சத்தைய சட்டம் அது. பழுதில்லாததை எண்டு போடுங்கோ. சனிக்கிழமை எத்தினை மணி வரை? ஆறு மணிக்கு வான் வந்து நிக்கும். எட்டு மணிக்கு வந்து கதவைத் தட்டினா?"

"அண்ணையின்ர மெயில்ல மணி இல்லை அக்கா."

"அவருக்கு மணி தேவைப்படேல்லை."

அப்போது நான் இன்னொன்று சொன்னேன். சிலருடைய கணினியில் எங்கள் தமிழ் எழுத்து தெரியாமல் பெட்டி பெட்டியாக வரும். வேலையிடத்தில் திறந்து பார்ப்பவர்களுக்கு அப்படித்தான். ஆனால் இலக்கம் எந்தக் கணினியிலும் தெரியும். ஆகவே திகதியை எழுத்தில் எழுதாமல் 25.10 என்றும், மணியை 18.00 என்றும் போடுவோம் என்றேன். மெயிலைத் திறக்காதவர்களும் காண்பதற்குத் தலைப்பிலும் திகதியைப் போடுவோம். "முன்னிட்டு", "வருக" இரண்டையும் எடுத்தோம். சேலையை எடுத்து வைக்கமாட்டோம் என்பதைச் சேர்த்தோம். தலைப்பு, மூன்று வரி, அதற்குக் கீழே கடையின் பெயரும், இனிமேல் இப்படி மெயில் வேண்டாம் என்றால் பதில் எழுதுங்கள் என்ற சின்ன எழுத்தும். அந்தச் சின்ன எழுத்தும் சட்டத்துக்காக. அதை நாங்கள் கணக்கில் சேர்க்கவில்லை.

கடைசியாக அந்த ஒரு வசனம் நின்றது. நான் அதை அழிக்கவில்லை. மூன்று வரிக்கும் கீழே, தனியாக, அப்படியே விட்டு வைத்திருந்தேன். அதை அழிப்பது என் வேலை இல்லை என்று நினைத்தேன்.

அக்கா அதைப் பார்த்துக்கொண்டே நின்றா. கடைக்குள் ஒருவரும் இல்லை.

"இதை விட்டா என்ன தம்பி? 'நான் இருக்கிறன்' எண்டதை மட்டும். பிந்தினாலும் எண்டதை எடுத்துப் போட்டு."

"விடலாம் அக்கா. ஆனா அதை வாசிச்ச உடன மிச்சத்தைச் சனமே நிரப்பிப் போடும்."

"ஓம்" என்றா. பிறகு சொன்னா: "அந்த மனிசன் இதை எழுதேக்க எனக்கு விளங்கேல்லை. நான் எத்தினை தரம் ஏசியிருப்பன், உங்கட இந்த ஒரு வசனத்தாலதான் சேலை எல்லாம் மேசைக்குக் கீழ கிடந்து மக்குது எண்டு. அதுக்கு அவர் என்ன சொல்லுவார் தெரியுமோ? சனத்துக்குச் சேலை இல்லையடி வேணும், பிந்தி வந்தாலும் ஒருத்தன் திறப்பான் எண்ட நினைப்புத்தான் வேணும் எண்டு."

அக்கா என்னை எழுப்பிவிட்டுத் தானே கதிரையில் உட்கார்ந்தா. ஒரு விரலால், ஒவ்வொரு எழுத்தாக, பின்னால் இருந்து அழித்தா. நிறம் தீட்டி ஒரேயடியாக அழிக்கலாம் என்று எனக்குத் தெரியும். நான் சொல்லிக் கொடுக்கவில்லை. "இருக்கிறன்" போனது. "நான்" போனது. கடைசியில் "திகதி" மட்டும் கொஞ்ச நேரம் நின்றது.

அது போன இடத்தில் அவ ஒன்றும் எழுதவில்லை. மூன்றாவது வரியில் மட்டும் இரண்டு சொல் சேர்த்தா. மெயில் இப்படி நின்றது:

"சேலை, வேட்டிக்கு 20% விலைக்கழிவு. நகைக்கு இல்லை.
பழுதில்லாததைத் திருப்பி எடுக்கமாட்டோம். எடுத்து வைக்கவும் மாட்டோம்.
கடைசி: சனி 25.10, 18.00 மணி. பிறகு இல்லை."

அனுப்புகிறவரின் பெயரையும் மாற்ற வேண்டும் என்றேன். அண்ணையின் பெயரில் போனால் எத்தனை வீட்டில் என் வீட்டு மாதிரி சிலுவை போடுவார்கள் என்றேன். அக்கா அதற்குச் சிரித்தா. அந்த வருடம் நான் கண்ட முதல் சிரிப்பு. மெயிலின் அமைப்புகளுக்குள் போய் அவருடைய பெயரை எடுத்துவிட்டுக் கடையின் பெயரைப் போட்டேன். ஆனால் மெயில் முகவரியிலேயே அவர் பெயர் இருந்தது. அதை மாற்ற வழியில்லை.

அண்ணை அனுப்புகிற முறையிலேயே அனுப்பினோம். பெறுபவர் என்ற இடத்தில் கடையின் சொந்த முகவரி; வாடிக்கையாளர்கள் எல்லோரும் மறைபிரதியில். அப்படிச் செய்தால் ஒருவருடைய முகவரி மற்றவருக்குத் தெரியாது. அத்தனை பேருக்கும் ஒரே தடவையில் அனுப்பவும் முடியாது, பகுதி பகுதியாகத்தான் போகும். முதல் பகுதிக்கு அக்கா அமத்தினா. மிச்சத்துக்கு என்னை அமத்தச் சொன்னா. அவற்றுக்குப் பெறுபவராக என் முகவரியைப் போட்டேன்.

அடுத்த நாளே ஆட்கள் வரத் தொடங்கினார்கள். பகிடிக்கும் குறைவில்லை.

"என்ன அக்கா, மூண்டே மூண்டு வரி! கரண்ட் கட்டாகிப் போச்சோ?"

"அண்ணையின்ர மெயிலுக்கு நான் ஒரு நாள் லீவு போடுறனான். உங்கட மெயிலை லிப்டுக்குள்ள நிண்டு வாசிச்சு முடிச்சிட்டன்."

ஒரு கிழவர் நகைப்பெட்டியைக் காட்டி, "இதுக்கும் இருபது வீதம் தானே பிள்ளை?" என்றார். அக்கா வாய் திறக்கும் முன்னரே அவருடைய மருமகள், "மாமா, முதல் வரியிலேயே போட்டிருக்கு, நகைக்கு இல்லையெண்டு" என்றாள். அக்கா என்னைத் திரும்பிப் பார்த்தா. என்னுடைய எஸ்.எம்.எஸ்.களும் அன்றிலிருந்துதான் அப்படியாகின.

பதில் மெயில்களும் வந்தன. அவற்றில் ஒன்று வடக்கே பாட்ஸ்பியோர்ட்டில் மீன் தொழிற்சாலையில் வேலை செய்கிறவரிடம் இருந்து. அவர் தாயின் வைத்தியத்துக்காக அந்த வருடம் அரைவாசிக்கு மேல் இந்தியாவில் நின்றுவிட்டு வந்தவர். அண்ணை இறந்த செய்தி அவரை எட்டவில்லை. "அண்ணை, என்ன சுருக்கமா எழுதியிருக்கிறியள், சுகமில்லையோ? நான் வழமை போலத் தீபாவளி கழிச்சு அடுத்த கிழமைதான் ஒஸ்லோ வருவன். மனிசிக்கு ரெண்டு சேலை, நீங்களே பார்த்து எடுத்து வையுங்கோ. பிந்தினாலும் நீங்கள் இருக்கிறியள்தானே."

நாங்கள் அழித்த வசனம் திரும்பி வந்து திரையில் நின்றது.

நான் எழும்பி அரிசி மூட்டைப் பக்கம் போனேன். அங்கே செய்ய ஒன்றும் இருக்கவில்லை. சும்மா ஒரு மூட்டையை நகர்த்தி வைத்தேன். பின்னால் அக்கா ஒரு விரலால் தட்டுவது கேட்டது. பிறகு என்னைக் கூப்பிட்டு, பிழை இருக்கிறதா என்று பார்க்கச் சொன்னா.

"தம்பி, அவர் சித்திரையில் காலமாகிவிட்டார். நான் அவர் மனைவி எழுதுகிறேன். கடைசி நாள் சனி 25.10, 18.00 மணி."

மூன்று வரி. பிழை ஒன்றும் இல்லை என்றேன். அனுப்பினா.

கொஞ்ச நேரத்தில் தொலைபேசி அடித்தது. அந்தப் பாட்ஸ்பியோர்ட் மனிதர் அழுவது தள்ளி நின்ற எனக்கே கேட்டது. அக்கா, "ஓம் தம்பி... ஓம்... தெரியும்... அவர் உங்களைப் பற்றி நெடுகக் கதைக்கிறவர்" என்று சொல்லிக்கொண்டிருந்தா. கடைசியில் குரலை மாற்றாமல், "எடுத்து வைக்க ஏலாது தம்பி. வேற ஆரையாவது அனுப்புங்கோ, சனிக்கிழமைக்கு முதல்" என்றா. வெள்ளிக்கிழமை பியோர்ண்டாலில் இருந்து அவருடைய தூரத்து உறவுப் பெண் வந்தா. சேலை இரண்டும் நீலமாக எடுத்தா. அவருடைய மனைவிக்கு நீலம் பிடிக்குமா என்று அவவுக்குத் தெரியாது. அண்ணைக்குத் தெரிந்திருக்கும்.

சனிக்கிழமை காலையில் இருந்தே கடையில் நிற்க இடமில்லை. நான் சேலை மடித்து மடித்துக் கை விறைத்துவிட்டது. திகதியை நம்பாத சனம் என்று நாங்கள் நினைத்த அதே சனம்தான். பின்னேரம் ஆறு மணிக்குக் கொஞ்சம் முன்னதாக மொத்த வியாபாரியின் வான் வாசலில் வந்து நின்றது. ஆறு மணி ஆனதும் அக்கா கதவைப் பூட்டி, மூடியாயிற்று என்ற பக்கம் தெரிய அறிவித்தலைத் திருப்பிவிட்டா. நாங்கள் மிச்சச் சேலைகளைப் பெட்டிகளில் அடுக்கத் தொடங்கினோம். மிச்சம் என்று சொல்ல அதிகம் இருக்கவில்லை.

கண்ணாடியில் தட்டுச் சத்தம். ஒரு பெண். தோளில் மழை. கை இரண்டையும் கண்ணாடியில் குவித்து உள்ளே பார்த்தா. எனக்கு முகம் தெரியும், ஒவ்வொரு வருடமும் பிந்தி வருகிறவ.

"அக்கா! ஒரு நிமிசம்! வச்சிருக்கிறியள்தானே, அந்தா அந்தப் பச்சை!"

மொத்த வியாபாரி ஒரு பெட்டியைத் தூக்கியபடி அப்படியே நின்றார். அக்காவைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

அக்கா போய்க் கதவைக் கொஞ்சம் திறந்தா.

"முடிஞ்சுது தங்கச்சி."

"அண்ணை எண்டால் திறந்திருப்பார்."

"ஓம். திறந்திருப்பார்" என்றா அக்கா. கோபமாகச் சொல்லவில்லை, கெஞ்சவும் இல்லை. அந்தப் பெண்ணின் கையைப் பிடித்து, "திங்கட்கிழமை மரக்கறிக்கு வாங்கோ" என்று சொல்லிக் கதவைச் சாத்தினா. அந்தப் பெண் போகாமல் வெளியே மழையில் நின்றா. அவ பார்த்துக்கொண்டு நிற்க, அந்தப் பச்சைச் சேலை பெட்டிக்குள் போனது. பெட்டி பின்கதவால் வானுக்குப் போனது.

வானில் எல்லாம் ஏறிய பிறகு மொத்த வியாபாரி கையைத் துடைத்துக்கொண்டு, "நத்தாருக்கு எவ்வளவு தர வேணும் எண்டு சொல்லுங்கோ தங்கச்சி. பழைய ஒழுங்குதான்" என்றார். அக்கா தலையை ஆட்டினா. அவர் தன் வானிலேயே அவவை வீட்டில் இறக்கிவிடுவதாகச் சொன்னார். அவ மறுக்கவில்லை. காலையில் இருந்து நின்ற கால். கணினியை நிறுத்திவிட்டுப் பூட்டுங்கோ தம்பி என்று திறப்பை என் கையில் தந்துவிட்டுப் போனா. போகும்போது கதவடியில் ஒருமுறை திரும்பி, வெறுமையாகக் கிடந்த கம்பியைப் பார்த்தா. அந்தக் கம்பியில் ஒரு தீபாவளிக்கும் சேலை இல்லாமல் இருந்ததில்லை. அண்ணை இருந்திருந்தால் அந்த நேரம் மேசைக்குக் கீழே குனிந்து யாருக்கோ எதையோ ஒளித்துக்கொண்டிருப்பார்.

நான் மேசைக்குக் கீழே குனிந்து பார்த்தேன். ஏன் பார்த்தேன் என்று தெரியவில்லை. ஒன்றும் இல்லை.

கணினியை நிறுத்தப் போனேன். மெயில் பெட்டி திறந்தபடி இருந்தது. வந்த மெயில்கள் எல்லாவற்றையும் அக்கா வாசித்து முடித்திருந்தா. ஒன்றைத் தவிர. முதல் பகுதியைப் பெறுபவர் இடத்தில் கடையின் முகவரியைப் போட்டு அனுப்பினோம் அல்லவா, அதனால் நாங்கள் அனுப்பிய மெயில் எங்களுக்கே திரும்பி வந்திருந்தது. பெறுபவர் என்ற இடத்தில் அண்ணையின் முகவரி. இத்தனை நாளும் அக்கா அதற்கு மேலும் கீழும் உள்ளதை எல்லாம் திறந்திருக்கிறா. அதை மட்டும் தொடவில்லை. வாசிக்காத மெயில் என்று தடித்த எழுத்தில் அப்படியே கிடந்தது.

வெளியே மழை. வீதி விளக்கு எரியத் தொடங்கிவிட்டது. நான் கதிரையை இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன். அந்த மெயிலைத் திறந்தேன். மூன்று வரியையும், கடைக்குள் ஒருவரும் இல்லாத அந்த நேரத்தில், அண்ணைக்குக் கேட்கிற மாதிரி வாய்விட்டு ஒருமுறை வாசித்தேன். பிறகு மூடினேன். தடித்த எழுத்து மெல்லிய எழுத்தாக மாறியதைப் பார்த்துவிட்டுக் கணினியை நிறுத்தினேன்.